இடையில் விடுபட்ட ஆண்டுகள்

நெடுநாள் மனைவியைக் கணவன் பாடும் கவிதை என்றதும் பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ நினைவுக்கு வரும். அதன் ஐந்தாம் பகுதியான ‘முதியோர் காதல்’ 1950-இல் வெளிவந்தது. அதில் கிழவர் ஒருவர் தம் மனைவியைப் பற்றிச் சொல்லும் அறுசீர் விருத்தம் ஒன்று மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது.

அதன் கட்டமைப்பு எளியது. முதல் மூன்று அடிகளும் மறுக்கின்றன. அவள் உடல் மலர் இல்லை. நடையில் ஆட்டத்தின் அழகு இல்லை. முகம் நிலவும் இல்லை. மரபுக் கவிதை பெண்ணுக்கு அணிவித்த உவமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, நான்காம் அடியில் கவிஞர் ஒரு கேள்வி கேட்கிறார்: பிறகு எதுதான் இன்பம்? அவள் இருக்கிறாள் என்பதே விடை. மூன்றடி மறுப்புக்குப் பிறகு வருவதால்தான் அந்தச் சிறிய விடை அவ்வளவு கனம் பெறுகிறது. முன்னால் ஒரே ஒரு புகழுரை இருந்திருந்தாலும் அது வெறும் முகமன் ஆகியிருக்கும்.

ஆனால் இந்த விருத்தம் தனித்து நிற்பதில்லை. 1942-இல் வந்த முதற்பகுதி ‘ஒருநாள் நிகழ்ச்சி’தான் அதைத் தாங்குகிறது. விடியலில் வாசலில் கோலமிடுவது தொடங்கி இரவுவரை தங்கம் என்ற குடும்பத் தலைவியின் ஒரு நாள் அங்கே விரிகிறது. இரவில் அவள் தன் கணவனிடம், பின்னாளில் அந்த விருத்தத்தைச் சொல்லும் மணவழகனிடம், இத்தனையும் நம் வீட்டுக்காகச் செய்தோமே, தமிழருக்கு என்ன செய்தோம் என்று கவலைப்படுகிறாள். அப்படிப்பட்ட நாள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் ‘இருக்கிறாள்’ என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. மேடையில் நான்கடியை மட்டும் பிய்த்தெடுத்துச் சொன்னால், கேட்பவர் காதில் முதுமையின் இரக்கமே விழும்; பழக்கத்தின் ஆழம் விழாது.

குறையும் அந்த முதற்பகுதியிலேயே இருக்கிறது. அந்த ஒரு நாளின் வீட்டுவேலை பெரும்பாலும் அவள் தோள்மேல்தான். கவிஞர் அவளுக்குக் கல்வியும் சமூக அக்கறையும் தந்தார். ஆனால் அடுப்படியில் கணவனுக்கு அதே அளவு பங்கு தரவில்லை. எனவே இதை இருவரும் சேர்ந்து வளர்த்த பழக்கம் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. அந்த விருத்தத்திலும் முதுமை அவள் உடலில்தான் எண்ணப்படுகிறது. பேசுகிற கிழவரின் உடல் அங்கே கணக்கில் வரவில்லை.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. திருமணமும் மக்கட்பேறும் பாடும் மூன்றாம், நான்காம் பகுதிகள் மகன் வேடப்பன் தலைமுறைக்குச் சென்றுவிடுகின்றன. மணவழகனும் தங்கமும் இளமையும் முதுமையும் அல்லாத நடுவயதை எப்படிக் கழித்தார்கள் என்பது விரிவாகப் பாடப்படவில்லை. மணவாழ்வின் முப்பதாம் ஆண்டு அங்கேதான் விழுகிறது.

முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவளுக்கு இன்று கவிதை எழுதும் கணவன், பாரதிதாசனிடமிருந்து மறுப்பின் ஒழுங்கைக் கற்கலாம். ஆனால் அவன் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் அவர் விட்டுச்சென்ற நடுப்பகுதி. அதை எழுதும்போது அன்றாட வேலைகளில் தான் செய்தது எது, அவளிடம் விட்டுவிட்டது எது என்பதையும் அவன் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கை மறைத்தால் பழக்கத்தைப் போற்றும் கவிதை அவள் உழைப்பைப் போற்றுவதோடு நின்றுவிடும். இருவரின் வாழ்வாக ஆகாது.