சரசரப்பு சாட்சி சொல்லுமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் துணிக்கடை விளம்பரம் என்றால் நமக்குப் பழக்கமானது குரல்தான். உள்ளூர் கேபிளிலும் திரையரங்கிலும் தெருவில் ஊர்ந்து போகும் ஆட்டோவிலும் ஒரு கம்பீரக் குரல் கடையின் பெயரை மூன்று முறை சொல்லும். முகூர்த்தப் பட்டு, ஆடித் தள்ளுபடி, பேருந்து நிலையம் எதிரில் என்று மூச்சுவிடாமல் அடுக்கும். கைபேசி வந்தபின் இதற்கு நேர் எதிரான ஒரு பாணி பரவியிருக்கிறது. யாரும் பேசுவதில்லை, பாட்டும் இல்லை. தறியில் நாடா ஓடும் சத்தம், சேலை மடிப்பு விரியும் சரசரப்பு, எண்ணெயில் முறுக்கு விழும் ஓசை இவ்வளவுதான். கடைசி நொடியில் கடையின் பெயர் எழுத்தில் வந்து போகும்.

இந்தப் பாணியை நான் மதிக்கிறேன். அதனாலேயே அது எங்கே உண்மையாக வேலை செய்கிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் உணவு. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் செய்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கச் சொல்லி, கடிக்கும் சத்தத்தை ஒலிவாங்கியில் பிடித்து, கடிப்பவரின் காதிலேயே உடனுக்குடன் கேட்க வைத்தார்கள். மொத்த ஒலியையோ அதன் கீச்சுப் பகுதியையோ கூட்டியபோது, அதே சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். சிப்ஸ் மாறவில்லை; காதில் விழுந்தது மட்டுமே மாறியது. குரலை எடுத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைக்கும் விளம்பரத்தின் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ‘மொறுமொறு முறுக்கு’ என்று ஒருவர் சொல்வதை நாம் நம்பலாம், நம்பாமலும் போகலாம். முறுக்கு ஒடியும் சத்தத்தைக் கேட்டபின் வாய் நம்மைக் கேட்டுக்கொண்டா ஊறுகிறது?

ஆனால் சமையல் சத்தம் வெறும் அலங்காரம் இல்லை. அதில் தகவல் இருக்கிறது. நிலக்கடலைக்குப் பெயர்போன திண்டிவனம் பக்கத்தில் (டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்களின் பெயரே இந்த ஊரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது) கடலை எண்ணெயில் முறுக்கு சுடும் எந்தப் பெண்ணும் காதால்தான் பதம் பார்ப்பார். மாவு விழுந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பொங்கி, சத்தம் பலமாக இருக்கும். ஈரம் வற்ற வற்றச் சலசலப்பு குறையும். எண்ணெய் அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது என்று பொருள். பல விளம்பரங்கள் இதைத் தலைகீழாகக் காட்டுகின்றன. பொன்னிறமாக வெந்து முடிந்த முறுக்கை ஜல்லிக்கரண்டியில் தூக்கும் காட்சிக்கு அடியில், மாவு விழும் நேரத்துச் ‘சொர்ர்’ ஓசையை ஒட்டிவிடுகிறார்கள். தொகுப்பறையில் இருப்பவருக்கு அது சுவையான சத்தம். அடுப்பங்கரையில் நிற்பவருக்கு அது வேகாத முறுக்கின் சத்தம்.

தோசையிலும் இதே கோளாறு உண்டு. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் சத்தம் கூர்மையாக வெடித்து ஒரு நொடியில் முடிந்துவிடும். மாவு ஊற்றினால் வருவது தாழ்ந்த, இழுபடும் ‘சொய்ங்’. முதல் சத்தத்தைப் பதிவு செய்வது எளிது, எடுப்பாகவும் இருக்கும் என்பதால் மாவு ஊற்றும் காட்சிக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். குரல் இருந்திருந்தால் இந்தப் பிழை அதற்கடியில் மறைந்திருக்கும். குரல் இல்லாதபோது அது ஒன்றுதான் கேட்கிறது. பேச்சில்லாத விளம்பரம் மலிவான வேலை என்று நினைத்து இறங்கும் கடைக்காரர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். குரல் கொடுப்பவருக்குத் தரும் பணம் மிச்சமாகலாம்; ஒலிப்பதிவுக்கான நேரம் இரண்டு மடங்காகும்.

துணிக்கு வருவோம். விழுப்புரத்தை அடுத்த சிறுவந்தாடு பட்டு நெசவுக்கு அறியப்பட்ட ஊர். அங்கே நெய்த சேலைக்கு முப்பது நொடிப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காட்சிகள் பெரும்பாலும் மிக அருகில் எடுக்கப்படும்: ஜரிகை மின்னுவது, விரல் இழையைத் தடவுவது, முந்தானை விரிவது. இவ்வளவு அருகில் கேமராவையும் விளக்கையும் வைத்தால் விளக்கின் விசிறிச் சத்தமும் பதிவாகும். ஆகவே ஒலியைத் தனியே எடுக்க வேண்டும். மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, சாலையில் லாரி குறைந்த பின்னிரவில், ஒலிவாங்கியைச் சேலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு அசைவையும் பலமுறை செய்து பார்க்க வேண்டும். பட்டின் ஒலி மிக மெல்லியது. தூரத்தில் வைத்துப் பிடித்துப் பிறகு ஒலியளவைக் கூட்டினால் பட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறிவிடும். இவை தவிர, யாரும் அசையாமல் அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையே அதை விரித்தால்தான் படம் ஓர் இடத்தில் நடப்பதுபோல் இருக்கும்.

தறிச் சத்தத்தில் நுட்பம் இன்னும் அதிகம். கைத்தறியில் நெசவாளர் மிதியை அழுத்துகிறார், கயிற்றை இழுக்கிறார், நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாய்ந்து மோதுகிறது, பிறகு பலகை ஊடையை அடிக்கிறது. இந்த வரிசையில் சீர் உண்டு, ஆனால் கடிகாரச் சீர் கிடையாது. இழை அறுந்தால் நிற்கும், புட்டா வரும் இடத்தில் தாமதிக்கும், களைத்தால் மெதுவாகும். தொகுப்பாளர் செய்வது என்ன? நான்கு நொடித் தறிச் சத்தத்தை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஒட்டுகிறார். தயக்கம் எல்லாம் போய் ஒரே தாளமாகிவிடுகிறது. கைத்தறியைக் காட்டிக்கொண்டே விசைத்தறியின் ஓசையைக் கொடுத்த கதை! நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள். முழு அரை நிமிடத்தையும் வெட்டாமல் விட்டு, இழை முடிச்சுப் போட நெசவாளர் நிற்கும் அந்த இடைவெளியையும் வைத்திருந்தால், எந்த வர்ணனையும் சொல்ல முடியாததை அந்தப் படம் சொல்லியிருக்கும்.

இந்தப் பாணியின் மீது எனக்குள்ள பெரிய குறை இனிதான். சரசரப்பு பட்டின் சான்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டு நூலைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து அதன் இயற்கைப் பசையை நீக்குவார்கள். அதற்குப் பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்திலோ டார்டாரிக் அமிலத்திலோ நனைத்து உலர்த்தினால், கசக்கும்போது மொறமொறக்கும் அந்தப் பிரபலமான ஓசை வரும். அமிலத்தில் நனைக்காத பட்டு சுத்தமான பட்டாகவே இருந்தும் அமைதியாக இருக்கும். விறைப்பாக நெய்த பாலியஸ்டரும் நன்றாகவே சரசரக்கும். ஆக, காதை வைத்துப் பட்டைத் தேர முடியாது. ‘இது அசல் பட்டு’ என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் அது ஒரு கூற்று. நாளை கேள்வி கேட்கலாம். சரசரப்பை மட்டும் கேட்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் விளம்பரம், பொய் சொல்லாமலே பொய்யை நம்ப வைக்கிறது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளைத் தவறாக விவரிப்பதோடு முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்கிறது. முதல் தடவைக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் எந்த வடிவிலான விளம்பரத்துக்கும் பொருந்தும். அப்படியானால் விசைத்தறிச் சேலைக்கு அடியில் கைத்தறி ஓசையைப் போடுவதும் ஒரு கூற்றுதான் என்பது என் வாதம். வாயால் சொல்லவில்லை என்பது விலக்கு ஆகக் கூடாது.

அடுத்த குறை, கேட்கும் இடம். அதே முப்பது நொடிப் படத்தைத் திரையரங்கில் போட்டால் அரங்கமே அடங்கும். இருட்டில் தறி ஓசை நெஞ்சில் இடிக்கும். விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் ஒரு திரையில் போட்டால் நடத்துநர்களின் கூவலிலும் ஹாரனிலும் அது செத்துப்போகும். கைபேசியில் முகநூல் ஓட்டத்தில் வந்தால் பெரும்பாலும் ஒலி அடைத்தபடியே ஓடும். அப்போது படமும் எழுத்தும் மட்டுமே தாங்க வேண்டும். உள்ளூர் கேபிளில் நிலைமை இன்னும் மோசம். முழு அமைதி வந்தால் பார்ப்பவர் கேபிள் போய்விட்டது என்று ரிமோட்டைத் தேடுவார்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது கேட்பவரைப் பற்றி. நம் வீடுகளில் தொலைக்காட்சி பாதி நேரம் வானொலிதான். கூடத்தில் ஓடுவதை அடுப்படியில் நிற்கும் பெண் காதால் பின்தொடர்கிறார். எண்ணெயும் சேலையும் வாங்கத் தீர்மானிப்பவரும் பெரும்பாலும் அவரே. குரலற்ற விளம்பரம் அவருக்குத் தருவது ஏதோ கொதிக்கும் சத்தம், ஏதோ தட்டும் சத்தம். பார்வையற்றவருக்கும் அதே நிலைதான். எந்தக் கடை, எந்த ஊர், என்ன விலை என்று ஒன்றும் தெரியாமல் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது.

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் அனுபவம் இங்கே உதவும். 2004இல் ஒரு வாசகத்தைக் கிசுகிசுக்கும் பெண் குரலோடு வந்த அதன் உணவு விளம்பரங்கள் புகழ்பெற்றன. 2014இல் குரலை எடுத்துவிட்டு, இசையையும் நெருக்கக் காட்சிகளையும் மட்டும் வைத்தார்கள். 2019இல் பழைய வாசகம் திரும்பி வந்தது. அவ்வளவு பணம் உள்ளவர்களே குரலுக்கும் குரலின்மைக்கும் இடையே போய் வந்திருக்கிறார்கள். உருகும் சாக்லேட்டின் அழகைப் படம் சொல்லிவிடும். அது யாருடையது என்பதை மனத்தில் நிறுத்த ஒரு வாசகம் தேவைப்படுகிறது.

நம் கடைக்காரர்களுக்கு என் யோசனை இது. இருபத்தைந்து நொடி யாரும் பேச வேண்டாம். ஆனால் அந்தச் சத்தம் உங்கள் சரக்கின் சத்தமாகவே இருக்கட்டும்: உங்கள் வாணலி, உங்களுக்கு நெய்பவரின் தறி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித்துண்டு வேண்டவே வேண்டாம். கடைசி ஐந்து நொடியில் நம் ஊர்ப் பேச்சில் ஒரு மனிதர் கடையின் பெயரையும், எந்த ஊரில் நெய்தது என்பதையும், கைத்தறியா விசைத்தறியா என்பதையும் சொல்லட்டும். அமைதிக்குப் பின் வரும் அந்த ஒரு வாக்கியம் மூன்று முறை கத்திய பெயரைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. படத்தில் சேலை எவ்வளவு சரசரத்தாலும், கடையில் பட்டுக்குச் சில்க் மார்க் அட்டையையும் கைத்தறிக்குக் கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.