மே மாத வெயிலில் ஒரு ரெயின்கோட்

கோடையில் எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு, ஐப்பசி வந்தால் அதே பெண்ணுக்கு ரெயின்கோட்டும் மார்கழி வந்தால் ஸ்வெட்டரும் மாட்டிவிடலாம். உடை இருக்கும் இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டு, என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தை நிரப்பித் தருகிறது. போட்டோஷாப்பில் 2023-இல் வந்த Generative Fill இந்த வேலையைத்தான் செய்கிறது. மாஸ்க்குக்கு வெளியே எதுவும் மாறாது. முகம், நிற்கும் தோரணை, பின்னால் தெரியும் தெரு எல்லாம் எடுத்தது எடுத்தபடி இருக்கும். இந்த முறையின் பலம் அதுதான். கோளாறும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சென்னை பெசன்ட் நகரில், மே மாத உச்சி வெயிலில் எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருத்தி குர்தா போட்ட பெண், தோளில் ஜோல்னாப் பை. குர்தாவின் ஓரத்தை ஒட்டியே மாஸ்க் வரைந்து, 'மஞ்சள் ரெயின்கோட்' என்று கேட்டால் முதல் சங்கடம் உடனே தெரியும். ரெயின்கோட் குர்தாவைவிடத் தொளதொளவென்று இருக்க வேண்டிய உடை. அதற்கு இடமில்லாததால் உடம்போடு ஒட்டிய பிளாஸ்டிக் உறைபோல வந்து நிற்கிறது. பையின் வார் மாஸ்க்குக்குள் மாட்டியிருந்தால் தோளில் பாதியில் அறுந்து, இடுப்பருகே மறுபடி முளைக்கும். மாஸ்க்கைச் சுற்றிலும் அகலமாக, தலையில் கவிழும் தொப்பிக்கும் இடம்விட்டு, பையையும் வாரோடு உள்ளே சேர்த்து வரைந்தால் இரண்டும் சரியாகிவிடும்.

சரியாகாதது வெளிச்சம். உச்சி வெயில் முகத்தில் விழும்போது மூக்கின் கீழே நிழல் கத்தி வெட்டினாற்போல் விழுகிறது, கண் சுருங்குகிறது. மழை மேகத்தின் அடியில் நிற்பவருக்கு இரண்டும் இருக்காது. காலடி நிழலுக்கும் ஓரம் இருக்காது. தரையும் காட்டிக்கொடுக்கும்: நனைந்த தார்ச்சாலை கறுத்துப்போய், மஞ்சள் கோட்டின் சாயலைக் கொஞ்சமாவது திருப்பிக் காட்ட வேண்டும். இங்கே சாலை வெளிறிக் கிடக்கிறது. பின்னால் போகிறவர் வெறும் சட்டையோடு, குடையில்லாமல், நிதானமாக நடக்கிறார். பார்ப்பவர்கள் நிழலைக் கவனிக்காமல் விடலாம். இவரைக் கவனிக்காமல் விடமாட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? Stable Diffusion-ஐ இயக்கப் பலர் பயன்படுத்தும் AUTOMATIC1111 செயலியில் இதற்கான விடை வெளிப்படையாகவே கிடக்கிறது. அங்கே Whole picture, Only masked என்று இரண்டு தேர்வுகள். இரண்டாவதைத் தேர்ந்தால், மாஸ்க்கையும் அதைச் சுற்றிச் சிறு விளிம்பையும் மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கி வரைகிறது. அந்த விளிம்பு, நாம் மாற்றாதவரை, 32 பிக்சல்தான். தையலும் மடிப்பும் துல்லியமாக வரும். ஆனால் தெருவில் வெயிலா மழையா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை. முதலாவதைத் தேர்ந்தால் தெரு தெரியும், துணியின் நெசவு மங்கிப்போகும். அழகான கோட்டைக் காட்டி வாடிக்கையாளரை மயக்குவது Only masked. அதனால் பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஸ்வெட்டர் கதை வேறு. ஊட்டியில் நல்ல வெயிலிலும் ஸ்வெட்டரோடு நடப்பவர்கள் உண்டு. சூரியனோடு அதற்குச் சண்டையில்லை. அதே படம் ஊட்டித் தெருவில் எடுத்ததாக இருந்தால், தோளும் கையும் தடிக்கும் அளவுக்கு மாஸ்க்கை விரித்து, தரை நிழலையும் அந்த அளவுக்குத் தடிக்க வைத்தால் போதும். சென்னைப் படத்தை மார்கழி என்று சொல்லி ஒப்பேற்றுவதுதான் கஷ்டம். (சென்னைக்கு ஸ்வெட்டர் தேவையா என்பதை மங்கி குல்லா போட்டு வாக்கிங் போகும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) மே மாத உச்சிப் பொழுதில் சூரியன் சென்னைக்குச் சற்று வடக்கே, ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. ஐந்தே கால் அடிப் பெண்ணின் நிழல் பெரும்பாலும் ஒரு சாண்கூட வராது. அதுவும் தெற்கே விழும். டிசம்பரில் அதே பொழுதில் நிழல் நாலடிக்குக் கிட்ட நீண்டு வடக்கே கிடக்கும். இதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் ஸ்வெட்டர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

ரெயின்கோட்டைக் காப்பாற்ற வழி இல்லாமலில்லை. முதலில் Whole picture-இல் தரையையும் நிழலையும் மாற்றி, பின்னால் நடப்பவர் கையில் ஒரு குடையையும் கொடுத்து, கடைசியில் கோட்டுக்கு மட்டும் Only masked போகலாம். ஆனால் முகத்து வெயிலை எடுக்க முகத்தையே தொட வேண்டும். தொட்டால் ஆள் மாறிவிடுகிறாள். ஒரே ஆளை வைத்துச் சிக்கனம் செய்யத்தானே இந்த வேலையே தொடங்கியது!

ஆகவே படம் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெயின்கோட் தேவைப்படும் என்று முன்பே தெரிந்தால், மேகமூட்டமான ஒரு நாளில், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் கூடுதலாக ஒரு படம் எடுத்து வையுங்கள். அதில் ஸ்வெட்டரும் பொருந்தும், ரெயின்கோட்டும் பொருந்தும்.