ஒற்றைக் குறி

மறைந்த அன்னையுடன் பரிமாறிய பழைய செய்திகளை மகன் படிக்கும் சிறுகதையொன்றை, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிகழ்வதாகக் கொள்வோம். 2020 ஆகஸ்டு 6 இரவு, அங்கிருந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பை நிலச்சரிவு மூடியது. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரான 70 பேர் மாண்டனர். தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தமையால், செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது.

வாட்ஸ்அப்பில் ஒற்றைக் குறி, செய்தி அனுப்பப்பட்டதை மட்டுமே காட்டும். இரட்டைக் குறியே அது மறுமுனைக் கைப்பேசியை அடைந்ததற்குச் சான்று. அன்றிரவு மகன் எழுதிய "சாப்பிட்டியாம்மா?" என்பது ஒற்றைக் குறியுடன் நிற்கிறது. மழைநாளில் தொடர்பு அறுவது அம்மலையில் வழக்கமாதலால், அவன் ஐயுறாமல் உறங்கியிருப்பான். பின்னாளில் அதே குறியைக் காணும்போது அதன் பொருள் முற்றும் மாறிவிடுகிறது. ஆகவே அவன் அழுகையை ஆசிரியர் விவரிப்பது மிகையாகும். அக்குறியைக் காட்டி நிறுத்துவதே கதைக்குப் போதுமானது.