இருவர் அடித்தால் பிழை யாருடையது?

பழைய நூலைக் கணினியில் ஏற்றும் பெரிய வேலைகளில், ஒரே பக்கத்தை இருவரிடம் தனித்தனியே அடிக்கக் கொடுத்து, இரு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. வேறுபடும் இடங்களை மட்டும் மூலத்தோடு சரிபார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாததுகூட இதில் சிக்கும். 'ஔ' என்பதை ஒருவர் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருந்தால், மெய்ப்புப் பார்ப்பவர் அதைக் கவனிக்காமலே தாண்டிப்போவார், ஒப்பீடு விடாது. பிழை பிடிக்க நல்ல வழிதான். அதே பட்டியலை வைத்துத் தட்டச்சருக்கு மதிப்பெண் போடும்போதுதான் வில்லங்கம்.

2,000 எழுத்துள்ள ஒரு பக்கத்தில் 72 இடங்கள் வேறுபடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 20 பிழையே அல்ல. 'ொ' என்பதை ஒருவர் U+0BCA என்ற ஒரே குறியாகவும், மற்றவர் U+0BC6, U+0BBE என்ற இரண்டாகவும் அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் முன் இரு கோப்புகளையும் NFC வடிவத்துக்கு மாற்றியிருந்தால் இவை தலைகாட்டியிருக்காது. இன்னும் 40, முதலாமவர் விட்டுவிட்ட ஒரே வரியின் எழுத்துகள். மீதி 12-இல் மூலத்தைப் பார்த்தால் 5 முதலாமவருடையவை, 7 இரண்டாமவருடையவை.

எழுத்துக் கணக்கில் முதலாமவரின் பிழை விகிதம் 45/2,000, அதாவது 2.25%. இரண்டாமவருக்கு 0.35% மட்டுமே. ஆனால் வரி விட்டதை ஒரே தவறாக எண்ணினால் முதலாமவருக்கு 6, இரண்டாமவருக்கு 7, வரிசையே தலைகீழ். நூலுக்கு அந்த வரி பெரிய இழப்புதான். அடித்தவருக்கோ அது கண் ஒருமுறை வழுக்கியது, அவ்வளவே. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் பதிவதே நியாயம். தவிர, 6-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பல பக்கங்கள் வேண்டும், ஜோடியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மங்கலான பக்கங்களே ஒருவருக்கு வந்து சேர்ந்தால் அவர் என்ன செய்வார்?

இதைவிட ஆழமான குறை, இருவரும் ஒன்றுபோல் தவறும் இடம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் றா, னா ஆகியவற்றின் வடிவம் வேறு. அது பழகாத இருவரும் அதை ஒரேமாதிரி தவறாகப் படித்தால் ஒப்பீடு மௌனம் சாதிக்கும். மூலத்தின் அச்சுப்பிழையை இருவரும் தம்மையறியாமல் திருத்திவிட்டாலும் அப்படியே. ஒருவர் மட்டும் திருத்தினால், உள்ளபடி அடித்தவர்மேல், மூலத்தைப் பாராமல், பிழை விழும் அபாயமும் உண்டு. வேறுபாடே இல்லாத பக்கங்கள் தொடர்ந்து வந்தாலோ, கோப்பு கைமாறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

விகிதம் தேவையென்றால், பலமுறை சரிபார்த்து முடித்த சில பக்கங்களை யாருக்கும் சொல்லாமல் வேலைக்குள் கலந்துவிட்டு, ஒவ்வொருவர் அடித்ததையும் அவற்றோடு ஒப்பிடலாம். இருவரும் சேர்ந்து செய்த பிழையும் அங்கே எண்ணிக்கையில் ஏறும்.