டெட்ராய்ட்டில் காப்பாற்றிய சிகிச்சை, லுசாக்காவில் ஏன் காப்பாற்றவில்லை?

மருத்துவ ஆய்வுகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களும், படிக்க விரும்புகிறவர்களும் இரண்டு கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ஒன்று 2001இல் வெளிவந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இமானுவேல் ரிவர்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு. மற்றொன்று 2017இல் வெளிவந்தது; ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டுத் தலைநகர் லுசாக்காவில் பென் ஆண்ட்ரூஸ் குழுவினர் நடத்தியது. இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை: செப்சிஸ். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகள் செயலிழக்கும் நிலை அது; பலருக்கு ரத்த அழுத்தமும் சரியும். இரண்டிலும் சோதித்த யோசனையும் ஏறத்தாழ ஒன்றுதான். வந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு திட்டப்படி வேகமாக சலைன் ஏற்றுவது, தேவைப்பட்டால் அழுத்தத்தை உயர்த்தும் மருந்தும் ரத்தமும் கொடுப்பது.

டெட்ராய்ட்டில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். திட்டப்படி சிகிச்சை பெற்றவர்களில் 30.5 சதவீதம். லுசாக்காவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் இறந்தார்கள். திட்டப்படி சிகிச்சை பெற்றவர்களில் 48.1 சதவீதம். கண்ணாடியில் பார்த்ததுபோல் எண்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. ஓர் ஊரின் ஆய்வு முடிவை இன்னோர் ஊருக்கு எடுத்துச் செல்லலாமா என்ற கேள்வியைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் முடிவுரையைப் படிக்காதீர்கள். ஆய்வில் சேர்ந்தவர்கள் யார் என்று சொல்லும் முதல் அட்டவணைக்குப் போங்கள். டெட்ராய்ட் நோயாளிகளின் சராசரி வயது அறுபதுகளில். லுசாக்காவில் முப்பதுகளின் பிற்பகுதி. பத்தில் ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பாதிக்கும் மேலானவர்களுக்குக் காசநோய் இருக்கலாம் என்று சந்தேகம். இங்கே பலர் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "நோயாளிகளே வேறு, ஆகவே முடிவும் பொருந்தாது." அது போதாது. எந்த இரண்டு கூட்டமும் வயதிலும் வருமானத்திலும் உணவிலும் வேறுபடத்தான் செய்யும். சிகிச்சை எந்த வழியாக உடலில் வேலை செய்கிறதோ, அந்த வழியில் இந்த வேறுபாடு குறுக்கே வருகிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சலைனின் வழியைப் பின்தொடர்வோம். ரத்தக்குழாய்க்குள் திரவம் கூடுகிறது, இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, உறுப்புகளுக்கு ஆக்ஸிஜன் போகிறது. ஆனால் செப்சிஸில் நுண்குழாய்கள் கசியும். ஏற்றிய திரவத்தில் ஒரு பகுதி நுரையீரலில் போய்த் தேங்கும். டெட்ராய்ட்டில் அப்படித் தேங்கினால் அடுத்த படி தயாராக இருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு வென்டிலேட்டர் வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயில் செருகிய குழாய், ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு ஐ.சி.யூ. இருந்தது. லுசாக்காவில் கழுத்துச் சிரையின் புடைப்பையும் மூச்சின் வேகத்தையும் கவனித்தே சலைனை நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்தார்கள். ஐ.சி.யூ. இடம் மிகச் சிலருக்கே கிடைக்கும். அங்கே திட்டப்படி சிகிச்சை பெற்றவர்களில்தான் மூச்சுத்திணறல் மோசமானவர்கள் அதிகம். தேங்கிய நீரைச் சமாளிக்கும் கருவி இல்லாத இடத்தில் நீரை மட்டும் எடுத்துச் சென்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு தடயம்.

ஆகவே டெட்ராய்ட் ஆய்வு சோதித்தது சலைனை மட்டும் அல்ல. சலைனும் வென்டிலேட்டரும் குழாயும் செவிலியர் எண்ணிக்கையும் சேர்ந்த ஒரு மொத்தத்தை. கட்டுரையின் தலைப்பில் சிகிச்சையின் பெயர் மட்டும் இருக்கும். அதைத் தாங்கி நின்றவை முறைகள் பகுதியில், சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பகுதியை நிதானமாகப் படிப்பதில்தான் இந்த வாசிப்பின் சுவை முழுவதும் இருக்கிறது என்பேன்.

அடுத்து, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். டெட்ராய்ட்டில் "வழக்கமான சிகிச்சை" பெற்றவர்களுக்கு முதல் ஆறு மணி நேரத்தில் ஏறிய திரவம் சுமார் 3.5 லிட்டர், திட்டப் பிரிவில் சுமார் 5 லிட்டர். லுசாக்காவில் வழக்கமான பிரிவில் 2 லிட்டர், திட்டப் பிரிவில் 3.5 லிட்டர். அங்கே ஆபத்தாகிப்போன அளவு, டெட்ராய்ட்டில் வழக்கமாகக் கொடுத்த அளவு! "அதிகச் சலைன்" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை தூரம் ஒளிந்திருக்கிறது. செல்வ நாடுகளுக்குள்ளேயேகூட இந்தக் கேள்வி எழுந்தது. 2014, 2015இல் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவை மையமாகக் கொண்டும், இங்கிலாந்திலும் நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் டெட்ராய்ட் திட்டம் வழக்கமான சிகிச்சையைவிட மேலாக இல்லை. அதற்குள் வழக்கமான சிகிச்சையே மேம்பட்டிருந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். இடம் மாறாமல் காலம் மாறினாலும் முடிவு மாறலாம்.

ஆனால் காரணம் சொல்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கேத்ரின் மெயிட்லண்ட் தலைமையில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் உள்ள குழந்தைகளுக்கு வேகமாகத் திரவம் ஏற்றியபோது 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். பாதிக்கும் மேலானவர்களுக்கு மலேரியா, மூன்றில் ஒருவருக்குக் கடும் ரத்தசோகை. "அப்படியானால் மலேரியாதான் காரணம்" என்று உடனே தோன்றும். மலேரியா இல்லாத குழந்தைகளிடமும் தீங்கு அதே திசையில்தான் இருந்தது. நுரையீரலில் நீர் தேங்கியதுதான் காரணம் என்ற ஊகமும் முழுதாக நிற்கவில்லை. கூடுதல் மரணங்களில் பெரும்பகுதி இதய, ரத்த ஓட்டச் சரிவால் வந்தவை என்று பின்னர் அந்தக் குழுவே ஆராய்ந்து சொன்னது. பொருந்தாததற்கு நாம் கட்டும் கதை கேட்க நன்றாக இருந்தாலே உண்மையாகிவிடாது. அந்த ஆய்வுக்குள்ளேயே அதைச் சோதிக்கும் பிரிவுகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும்.

இன்னொன்று: "ஏழை நாடு" என்று ஒரே பெட்டியில் எல்லோரையும் அடைக்க முடியாது. சென்னைக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் செப்டிக் ஷாக்கோடு வந்த 147 குழந்தைகளிடம் வேகமாக அதிகத் திரவம், சற்று மெதுவாகக் குறைந்த திரவம் என்ற இரு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. உயிர் பிழைப்பதில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அந்த இரு பிரிவிலும் எல்லோருக்குமே திரவம் ஏறியது. ஏற்றாமல் விட்ட பிரிவே கிடையாது. அதுவும் ஒரு பெருநகர மருத்துவமனை. அதிலிருந்து ஒரு மலைக்கிராம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முடிவெடுக்க வேண்டுமானால் மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நன்றாகப் பயணம் செய்யும் ஆய்வுகளும் உண்டு. விபத்தில் ரத்தம் இழப்பவர்களுக்கு டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கும் ஆய்வு (2010) 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. ரத்தக்கட்டு கரைவதைத் தடுக்கும் மருந்து அது. மலிவானது, கருவி எதுவும் வேண்டாம். அதன் வழியில் குறுக்கே வருவது ஒன்றுதான்: நேரம். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்; அதற்குப் பிறகு கொடுத்தால் தீங்குக்கான அறிகுறிகள் தெரிந்தன. ஆகவே கிராமத்து நோயாளிக்கு இது பொருந்துமா என்று கேட்பவர், விபத்து நடந்த இடத்திலிருந்து ஊசி போடும் இடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் கணக்கிட வேண்டும்.

குழந்தைகளின் செப்சிஸுக்காக 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஐ.சி.யூ. வசதி உள்ள இடங்களில் முதல் ஒரு மணி நேரத்தில், எடையில் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை, குழந்தையைக் கவனித்துக் கவனித்து ஏற்றலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் சரியாத குழந்தைக்கு வேகமாக ஏற்ற வேண்டாம். நாட்டின் பெயரோ வருமானமோ அந்தப் பரிந்துரையைப் பிரிக்கவில்லை. பக்கத்தில் என்ன வசதி இருக்கிறது என்பதும் குழந்தையின் ரத்த அழுத்தமும்தான் பிரிக்கின்றன.