கையெழுத்துக்குப் பின்னால் இருக்கும் தீர்மானம்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல்லைச் சுற்றித்தான் பல குடும்பங்களின் வரவு செலவு. லாரி வைத்திருப்பவர் கல் ஏற்றுகிறார், பொக்லைன் வைத்திருப்பவர் வாடகைக்கு விடுகிறார். எதிரே நிற்பது கம்பெனி. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்" என்று ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருக்கும்; அதன்மேல் ஒரு கையெழுத்து. அங்கீகரித்தது யார், எந்த அளவுக்கு என்று கேட்பவர்கள் குறைவு.

கம்பெனிக்குக் கை கிடையாது. யாரோ ஒருவர்தான் அதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அது யார் என்று சொல்கிறது. முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர்கள், அதாவது நிர்வாக இயக்குநர், முழுநேர இயக்குநர், கம்பெனிச் செயலர், தலைமை நிதி அலுவலர் போன்றோர் போடலாம். அல்லது இயக்குநர் குழு அதற்கென அதிகாரம் கொடுத்த அதிகாரியோ ஊழியரோ போடலாம். கூட்டத்துக்கு மட்டும் வந்து போகும் சாதாரண இயக்குநர் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "அவர் டைரக்டர், அவர் போட்டால் போதும்" என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. குழு அதிகாரம் கொடுக்காத வரை, டைரக்டர் என்ற பட்டம் மட்டும் ஒப்பந்தத்தைத் தாங்காது.

இடையில் ஒன்று. சுரங்கக் குத்தகை போல அரசே ஒரு தரப்பாக இருக்கும் ஒப்பந்தங்களின் வழி வேறு. அவை அரசியலமைப்பின் 299-ஆம் பிரிவின்படி ஆளுநர் பெயரில் எழுதப்பட வேண்டும். அரியலூரில் ஆலை நடத்தும் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் அரசுக்குச் சொந்தமானதுதான். ஆனாலும் அது கம்பெனி. அதன் ஒப்பந்தங்களுக்குக் கம்பெனிகள் சட்டமே அளவுகோல்.

இப்போது, குழு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்கு வருவோம். வங்கியில் கேட்கிறார்கள், பத்திரப்பதிவில் கேட்கிறார்கள். "குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல்" என்ற அந்த ஒற்றைத் தாளின் பலம் என்ன, பலவீனம் என்ன?

பலம் பெரியது. இன்னாருக்கு, இன்ன ஒப்பந்தத்துக்கு, இன்ன தொகை வரை அதிகாரம் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிறகு "அந்த மேனேஜர் சொந்தமாகப் போட்டுவிட்டார்" என்று அது நழுவுவது கடினம்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் வெளியாள் தோற்றுவிடுவாரா? அப்படியும் இல்லை. 1856-இல் இங்கிலாந்தில் ராயல் பிரிட்டிஷ் வங்கி எதிர் டர்குவாண்ட் வழக்கில் வந்த தீர்ப்பு இன்றைக்கும் இந்திய நீதிமன்றங்களில் வழிகாட்டி. அதில் கடன் வாங்கிய கம்பெனியின் விதிகளின்படி, பொதுக்குழு தீர்மானம் போட்டால் இயக்குநர்கள் கடன் வாங்கலாம். வங்கி கடன் கொடுத்தது. போதிய தீர்மானம் போடப்படவில்லை என்று பின்னால் கம்பெனி வாதிட்டது. உள்ளே தீர்மானம் முறையாகப் போட்டார்களா என்று தேடுவது வெளியாளின் வேலை அல்ல என்று நீதிமன்றம் சொல்லி, கம்பெனியையே பொறுப்பாக்கியது.

ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் எல்லா இடத்துக்கும் நீளாது. நம் சென்னை உயர் நீதிமன்றமே அதற்கு எல்லை போட்டது. 1934-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள கோட்லா வெங்கடசாமி எதிர் சிந்தா ராமமூர்த்தி வழக்கு அது. அந்தக் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் அக விதிகளின்படி பத்திரங்களில் நிர்வாக இயக்குநர், செயலர், செயல் இயக்குநர் ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும். அடமானப் பத்திரத்தில் இருந்ததோ செயலர், செயல் இயக்குநர் ஆகிய இருவரின் கையெழுத்து மட்டும். கடன் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருக்கலாம், பணமும் கம்பெனிக்கே செலவாகியிருக்கலாம். ஆனாலும் பத்திரம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆர்ட்டிகிள்ஸ் பதிவாளரிடம் உள்ள பொது ஆவணம். அதைப் படித்திருந்தால் மூன்று கையெழுத்து வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

குழுவின் மினிட்ஸ் புத்தகம் அப்படிப் பொது ஆவணம் அல்ல. வெளியாள் அதைத் திறந்து பார்க்க முடியாது. கம்பெனி தரும் நகலை நம்புவதைத் தவிர வழியில்லை. இந்த வழக்கத்தின் முதல் குறை இங்கேதான் இருக்கிறது: எவருடைய அதிகாரத்தைச் சோதிக்கிறோமோ அவரே சில சமயம் "உண்மை நகல்" என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார். தனக்குத் தானே சான்று கொடுக்கும் அந்தத் தாளை ஏற்கக்கூடாது. கம்பெனிச் செயலரோ வேறொரு இயக்குநரோ சான்றிட்டிருக்க வேண்டும். தீர்மானமே போலி என்றால் டர்குவாண்ட் தீர்ப்பும் பொதுவாகக் கைகொடுக்காது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். கல்லங்குறிச்சியில் ஒருவருக்கு நான்கு லாரி. ஒரு கம்பெனியோடு இரண்டு ஆண்டுக்குக் கல் ஏற்றும் ஒப்பந்தம், மாதம் 5 லட்சம், மொத்தம் 1 கோடியே 20 லட்சம். போக்குவரத்து மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார், தீர்மான நகலும் தருகிறார். லாரிக்காரர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார். அதில் இருப்பது: மேனேஜர் ஓராண்டுக்கு மிகாத, 50 லட்சத்துக்கு மிகாத ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். ஆறு மாதம் கழித்து, இந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்கிறது கம்பெனி.

நகலே வாங்காமல் இருந்திருந்தால், போக்குவரத்து மேனேஜர் பதவியில் இருப்பவருக்கு இந்த அதிகாரம் இருப்பதாகக் கம்பெனியே காட்டிக்கொண்டது என்று வாதாட இடம் இருந்திருக்கும். நகலை வாங்கியதால் வரம்பு அவருக்குத் தெரியும் என்றாகிவிட்டது. படிக்காமல் வாங்கி வைத்த தீர்மானம், வாங்காத தீர்மானத்தைவிட மோசம். ஓடிய ஆறு மாதத்துக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி நியாயமான கூலி கேட்கலாம். குழுவுக்கு விவரம் தெரிந்தே மாதாமாதம் பில் பட்டுவாடா ஆகியிருந்தால், நடத்தையாலேயே ஒப்புக்கொண்டார்கள் என்றும் வாதாடலாம். ஆனால் "தெரிந்தே" என்பதை நிரூபிக்கும் பாடு லாரிக்காரருடையது. மீதி 18 மாதத்துக்கு உறுதி ஏதும் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் இந்த நகலைச் சடங்காக்கியதுதான் என்பது என் கருத்து. "தேவைப்படும் எல்லா ஆவணங்களிலும் கையெழுத்திட" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பழைய தீர்மானத்தையே கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கின்றன. வாங்குபவரும் தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். அப்படி எழுதிய அதிகாரம் பரந்ததாகத் தெரிந்தாலும், எந்த ஒப்பந்தத்தைக் குழு நினைத்தது என்ற சண்டைக்குத்தான் இடம் கொடுக்கிறது.

கம்பெனிக்கும் இதில் காயம் படும். 2011-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் எதிர் கிங்ஸ்டன் கம்ப்யூட்டர்ஸ் வழக்கில், தலைமைச் செயல் அலுவலர் தந்த கடிதத்தை நம்பி ஒரு இயக்குநர் கம்பெனி பெயரில் வழக்குத் தொடுத்திருந்தார். குழுத் தீர்மானம் இல்லை என்பதால் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆகவே நகலைக் கேளுங்கள். வாங்கியதும் அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா, தொகையும் காலமும் வரம்புக்குள் அடங்குகின்றனவா, "கூட்டாக" என்று இருந்தால் இருவரும் போட்டிருக்கிறார்களா, குழுக் கூட்டத் தேதி ஒப்பந்தத் தேதிக்கு முந்தியதா என்று பாருங்கள். தேதி பிந்தியதென்றால், ஏற்கெனவே போட்ட இந்த ஒப்பந்தத்தைக் குழு ஏற்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி ஆர்ட்டிகிள்ஸையும் எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால், புதுத் தீர்மானம் வரும் வரை லாரியை அனுப்பாதீர்கள்.