நுரை நிற்க வேண்டும்

பெங்களூரில் ஷேவிங் கிரீம் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தன் வீட்டுக் குழாயைத்தான். அதில் வருவது காவிரியா, போர்வெல்லா? ஜெயநகரிலோ பசவனகுடியிலோ காவிரித் தண்ணீரில் முகம் கழுவுகிறவர் எந்த டியூபை வாங்கினாலும் ஓரளவு சமாளித்துவிடுவார். சர்ஜாபூர் சாலையில் டேங்கரை நம்பி வாழும் அபார்ட்மெண்ட்வாசிக்கு, அதுவும் தாடி முரடாக முளைக்கிறவருக்கு, அந்தச் சௌகரியம் இல்லை.

தாடிமுடி தண்ணீரைக் குடிக்கும் பொருள். வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் சற்றே பருத்து மென்மையாகிவிடும். பிளேடுக்கு எதிர்ப்பு வெகுவாகக் குறையும். மெல்லிய தாடிக்காரர் இந்த ஊறலை அலட்சியம் செய்தாலும் தப்பித்துக்கொள்வார். தடித்த முடிக்காரருக்குத் தாடை ஓரத்திலும் கழுத்திலும் அந்த அலட்சியத்தின் பலன் உடனே தெரியும். பிளேடு முடியை வெட்டாமல் இழுக்கும், எரிச்சல் மதியம் வரை போகாது. அந்த ஈரத்தை முடியைச் சுற்றிப் பிடித்துவைத்திருப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல ஒரு படலம் கொடுப்பதும்தான் கிரீமின் வேலை. வாசனை, குளிர்ச்சி எல்லாம் அப்புறம்.

பிரஷ்ஷால் குழைக்கும் கிரீமின் உயிர்நாடி ஸ்டியரிக் அமிலம். அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து மிருதுவான சோப்பாகிறது. தேங்காயெண்ணெயிலிருந்து வரும் அமிலங்கள் நுரையைச் சீக்கிரம் எழுப்பும்; ஸ்டியரிக் அமிலம் அதை நிற்க வைக்கும்; கிளிசரின் காயவிடாமல் காக்கும். ஆகவே டியூபின் பின்பக்கப் பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து ஸ்டியரிக் அமிலம் இருந்தால் அந்த டியூபை நம்பலாம்.

பொங்குவதும் நிற்பதும் வேறு வேறு. குளியல் சோப்பைக் கன்னத்தில் தேய்த்து ஷேவ் செய்பவர்கள் இன்றும் உண்டு. இந்த ஊரின் பெருமையான மைசூர் சாண்டல் சோப்பு குளிப்பதற்கு அருமையானது. மெட்ரோ நிலையத்துக்கே சாண்டல் சோப் ஃபேக்டரி என்று பெயர் வைத்திருக்கும் ஊர் இது. ஆனால் குளியல் சோப்பின் நுரை பெரிய பெரிய குமிழியாக எழுந்து, கழுத்துக்கு வருவதற்குள் கன்னத்தில் வற்றிவிடும். முரட்டுத் தாடிக்கு வேண்டிய நுரையில் கண்ணுக்குக் குமிழியே தெரியக் கூடாது. பளபளப்போடு, ஆடைத்தயிர் போல, பிரஷ்ஷைத் தூக்கினால் வளைந்த முனையோடு நிற்க வேண்டும். விரலால் தொட்டுத் தேய்த்தால் வழுக்க வேண்டும். ஹலசூரில் ஒரு வயதான சலூன்காரர் நுரையைத் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார். கேட்டால், “பொங்கினா என்ன சார், வழுக்கணும்ல” என்பார்.

போர்வெல் தண்ணீரில் கெடுவது இந்த வழுக்கல்தான். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஸ்டியரிக் சோப்பைப் பிடித்துக் கரையாத வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். பக்கெட்டின் விளிம்பில் படியும் அதே பிசுக்குதான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மை கூடக் கூட, நீங்கள் போடும் கிரீமில் ஒரு பங்கு தாடிக்கு உதவாமல் தண்ணீரோடு சண்டையிட்டே தீர்ந்துபோகும்.

நண்பர் ஒருவர் இதில்தான் மாட்டினார். சென்னையில் காலமெல்லாம் பயன்படுத்திய கிரீம் பெல்லந்தூர் வந்ததும் ‘டூப்ளிகேட்’ ஆகிவிட்டது என்று கடைக்காரரோடு தகராறு. இரண்டு கிண்ணம் எடுக்கச் சொன்னேன். இரண்டிலும் கொண்டைக்கடலை அளவு கிரீம். ஒன்றில் குழாய்த் தண்ணீர் ஒரு டீஸ்பூன், மற்றதில் ஆர்ஓ தண்ணீர் ஒரு டீஸ்பூன், இரண்டுக்கும் ஒரே அளவு குழைத்தல். குழாய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் நுரை சாம்பல் நிறமாய், ஓட்டை ஓட்டையாய் எழுந்து, சில நிமிடத்தில் ஓரத்தில் நீர் பிரிந்து நின்றது. ஆர்ஓ கிண்ணம் கவிழ்த்தாலும் விழாத நிலையில் இருந்தது. கிரீம் பாவம், ஒரே டியூப்தான்.

ஷேவிங்குக்கு ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரைச் சூடாக்கி எடுத்துக்கொண்டால் போதும். பிரஷ்ஷையும் அதிலேயே ஊறவைக்க வேண்டும். வெறுமனே கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் கீழே படியும், மீதி அப்படியே இருக்கும். அந்த ஒரு டம்ளருக்கும் சலித்துக்கொள்பவர் பட்டியலில் ‘ஈடிடிஏ’ என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அது கால்சியத்தைக் கட்டிப்போடும் சரக்கு. அல்லது பிரஷ் தேவைப்படாத வகைக் கிரீமுக்குப் போகலாம். அது நுரையை நம்பாமல் கொழுப்புப் படலத்தை நம்புவதால் உப்புத் தண்ணீரிலும் ஏமாற்றாது. குழைக்கும் சுகம் மட்டும் போய்விடும். எனக்கு அது பெரிய நஷ்டம்.

முரட்டுத் தாடிக்கென்றே செய்த கிரீம்களில் என் ஓட்டு இத்தாலியின் ப்ரொராஸோ சிவப்பு டியூபுக்கு. சந்தன வாசனையும் ஷியா வெண்ணெயும் சேர்ந்தது. சந்தன நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஃப்ளாரன்ஸிலிருந்து சந்தனத்தை வரவழைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். அதே கம்பெனியின் பச்சை டியூபில் யூகலிப்டஸும் மென்தாலும் உண்டு. மென்தால் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அதிகம். அந்த ஜில்லிப்பில் பிளேடு எங்கே அழுத்துகிறது என்பதே தெரியாமல் போகும். தோல் சிவந்திருப்பதைத் துண்டால் துடைக்கும்போதுதான் பார்ப்பீர்கள். விலை கட்டுப்படியாகாதவர் கோத்ரெஜ், பாமாலிவ் டியூபுகளையே நல்ல தண்ணீரில் குழைக்கட்டும்; கெட்ட தண்ணீரில் குழைத்த இத்தாலிய கிரீமைவிட அது மேல்.

அப்புறம், ஷேவ் முடிந்ததும் பூசும் பாம். சென்னையில் ஆல்கஹால் கலந்த லோஷனை அள்ளி அறைந்துகொண்டவர்கள் பெங்களூர் வந்தும் அதையே தொடர்வதைப் பார்க்கிறேன். அங்கே காற்றே ஈரம். இங்கே பிப்ரவரி, மார்ச் மதியங்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். ஷேவிங்கில் மேல்தோலின் ஒரு பகுதியும் சேர்ந்து சுரண்டப்பட்டிருக்கும். அதன் மேல் ஆல்கஹால் பட்டால் மூக்கோரமும் தாடையும் சாயங்காலத்துக்குள் செதில் விடும். லோஷனால் தோல் துளைகள் மூடும் என்பதெல்லாம் கதை. துளைக்குத் திறந்து மூடக் கதவு கிடையாது. பாமில் பார்க்க வேண்டியவை கிளிசரின், பாந்தெனால், அலன்டாயின். ‘ஆல்கஹால் டினாட்’ பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நிவியாவின் சென்சிடிவ் பாமில் கிளிசரின் தாராளம். மேக்கப் நிற்பதற்காகப் பெண்கள் அதை முகத்தில் பூசிக்கொண்டது சில ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தடவும்போது முகம் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த தோலில் இழுத்துத் தேய்த்தால் பாதிப் பலன்.

ஒன்றை மட்டும் எந்த டியூபும் சரிசெய்யாது. முரட்டு முடி சுருண்டும் இருந்தால், மிக ஒட்ட மழிக்கும்போது அதன் கூர்முனை தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து பருவாகும். அப்படிப்பட்டவர்கள் முடியின் போக்கிலேயே ஒரு தடவை மழித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்ப்போக்கில் இரண்டாவது தடவை போகிற ஆசைக்குப் பாம் பொறுப்பேற்காது.

ஜூனில் மழை பிடித்த பிறகு அதே பாமில் பாதி அளவு போதும். புதிதாக இன்னொன்று வாங்க வேண்டாம்.